நகர்ந்த கட்டைவிரல்

வினிதாவிடம் சிரிப்புக்கு அளவு உண்டு. கபேக்கு எவ்வளவு, வாத்தியாருக்கு எவ்வளவு, டாக்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள். மைசூரில் ஏழெட்டுப் பேருக்கு இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் பதிவு எழுதிப் போடுவதுதான் அவளுடைய பிழைப்பு. கொள்ளேகாலில் இருக்கும் அவள் அப்பா சித்தையனுக்கு மட்டும் இன்றுவரை அது ஒரு வேலையாகவே படவில்லை.

தேவராஜ மொஹல்லாவில் கபே நடத்தும் சீனுவுக்கு அளவே கிடையாது. "சக்கத் காபி மகா, பா குரூ", அதாவது அட்டகாசக் காபி மச்சி, வாடா என்று கல்லூரிப் பிள்ளைகள் பேசுகிற கன்னடத்தில் எழுதி, தீ, இதயம், ஆடுகிற பொம்மை என்று கைக்கு வந்ததையெல்லாம் வாரி இறைப்பாள். ஒருநாள் கருகிப்போன தோசையைப் படம் பிடித்து, மாஸ்டருக்கு இன்று காதல் தோல்வி என்று போட்டாள். அன்று சாயங்காலம் உட்கார நாற்காலி இல்லை. கபே தன்னைத்தானே கேலி செய்துகொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

கணக்கு டியூஷன் எடுக்கும் மஞ்சுநாத் சாருக்குப் பதிவுக்கு ஒரே ஒரு இமோஜி. கணக்கைக் கிண்டல் செய்யலாம், கணக்கு வராத பிள்ளையைச் செய்யக் கூடாது. மார்க்கைப் பற்றி ஜோக் அறவே கிடையாது. தோற்றுப்போன பையனும் அதைப் படிப்பான், அவன் அம்மாவும் படிப்பாள்.

டாக்டருக்கு? நேரம் போட்டால் பக்கத்தில் ஒரு கடிகாரம், நம்பர் போட்டால் ஒரு போன் படம். அவ்வளவுதான். காய்ச்சலடிக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் போனைத் தேய்க்கிறவளுக்குச் சிரிக்கும் முகம் எதற்கு என்று கேட்பாள் வினிதா. கொச்சை வார்த்தை கூடாது, நோயாளி கதை கூடவே கூடாது. சிரிக்க வைத்தே ஆகவேண்டும் என்றால் டாக்டர் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளட்டும்.

இத்தனை தெரிந்தவள்தான் மாட்டிக்கொண்டாள். அதுவும் வெளியாளிடம் இல்லை. சரஸ்வதிபுரத்தில் குழந்தைகள் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சுலோசனா, வினிதாவின் பெரியப்பா மகள். பன்னிரண்டு வயது மூத்தவள். வினிதா பட்டப்படிப்புக்கு மைசூர் வந்தபோது மூன்று வருஷம் தங்கியது அக்கா வீட்டில்தான். முதல் வேலையும் அக்கா கிளினிக்கின் ஃபேஸ்புக் பக்கம்தான். அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் மற்ற எல்லோரையும் பிடித்தாள். அக்கா என்றால் அவளுக்கு உயிர். அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததன் வலி புரியாது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அக்கா அவளைக் கிளினிக்குக் கூப்பிட்டாள். போனில் இன்னொரு குழந்தை டாக்டரின் பதிவு. அழுகிற முகம், சிரிக்கிற முகம், நடுவில் ஒரு நக்கல். மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"பாரு. நம்ம பக்கம் மருந்துக்கடை போர்டு மாதிரி இருக்குது. காலை பத்து முதல் ஒண்ணு, வியாழன் விடுமுறைன்னு. அந்தக் கபேக்காரனுக்கு எழுதறயில்ல, அதுல கால்வாசி எனக்கு எழுதக் கூடாதா?"

"கபே வேறங்க்கா, கிளினிக் வேறங்க்கா."

"ஜனங்க ஒண்ணுதான், கண்ணு."

பிறகு அக்கா ஒரு கதை சொன்னாள். ஒரு அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தாளாம். கையில் இருநூறு பக்க நோட்டு. கால் மணிக்கு ஒருதரம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, தேதி, நேரம் எல்லாம் எழுதியிருக்கிறாள். தெர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டுகிறதா என்று சந்தேகம் வந்து, வீட்டு ஓனரை உட்காரவைத்து அவருக்கும் பார்த்திருக்கிறாள். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறாள், ஓனர் என்று தலைப்புப் போட்டு. அக்கா நடித்துக் காட்டிய விதத்தில் வினிதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை.

"இது நெசமா நடந்ததாங்க்கா? நெசம்னா போடக் கூடாதுங்க."

"அட, இல்ல. பத்து அம்மாக்களப் போட்டுக் கலக்கின குழம்பு இது. ஓனரு நானாச் சேத்த மசாலா."

வினிதா நம்பினாள். அக்கா சொன்னால் நம்பாமல்?

வீட்டுக்கு வந்து வழக்கம்போல இரண்டு வரைவு எழுதினாள். எல்லோருக்கும் இரண்டு வரைவு அனுப்புவது அவள் பழக்கம். முதலாவது அவளுக்குப் பிடித்தது: டாக்டரின் சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று டாக்டரே பதறிப்போய் மூன்று தெர்மாமீட்டர் வாங்கிய கதை. கடைசியில் ஒரு சின்னப் புன்னகை முகம். இரண்டாவது அக்கா கேட்டது. கன்னடத்தில் அது இப்படிப் போயிற்று: "பிள்ளைக்குக் காய்ச்சல். அம்மா கையில் இருநூறு பக்க நோட்டு! சந்தேகம் வந்து வீட்டு ஓனருக்கும் தெர்மாமீட்டர்! ஓனர் நார்மல். தெர்மாமீட்டர் நார்மல். பிள்ளையும் நார்மல். அம்மா...? 😂😂🤒"

இரண்டையும் அடுத்தடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். முதலாவதே நல்லது என்றும் கீழே எழுதினாள். பத்து நிமிஷத்தில் இரண்டாவதன் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் வந்து உட்கார்ந்தது.

இங்கேதான் அவள் செய்த ஒரே தப்பு. சீனுவோ மஞ்சுநாத் சாரோ கட்டைவிரல் காட்டினால் விடமாட்டாள். "எது ஓகே என்று வார்த்தையாக எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் பதிவேற்றுவாள். அக்காவிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. வளர்த்துவிட்டவளிடம் கையெழுத்து வாங்குவதா? கூசியது. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதிவு ஏறியது.

அன்று முழுக்க ஒரே கொண்டாட்டம். இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று அப்பாக்கள் பின்னூட்டத்தில் மனைவிமாரை இழுத்துவிட்டார்கள். அக்கா போன் செய்து, "பாத்தியா, நாஞ்சொன்னேனில்ல?" என்றாள். வினிதாவுக்கும் உள்ளூர ஒரு பெருமை வராமல் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை தமிழில் ஒரு பின்னூட்டம் விழுந்தது. சொர்ணலதா என்று பெயர்.

"அது என் நோட்டு. எங்க ஹவுஸ் ஓனரே இதை எனக்கு அனுப்பிச் சிரிச்சாரு. போன வருஷம் காய்ச்சல்ல என் பொண்ணுக்கு வலிப்பு வந்து உங்ககிட்டதான் தூக்கிட்டு ஓடி வந்தேன். இனிமே காய்ச்சல் வந்தா எழுதி வைங்கன்னு சொன்னதே நீங்கதானே டாக்டர்? எழுதி வச்சது தப்புங்களா?"

வினிதா அதை நாலு தரம் படித்தாள். இரண்டாம் தடவை, பத்து அம்மாக்களின் குழம்பு என்று சொன்ன குரல் காதில் கேட்டது. ஓனர் மசாலா இல்லை. ஓனர் நிஜமாகவே தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நோட்டு எழுதச் சொன்னவளே நோட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

உடனே பதிவை எடுத்தாள். எடுத்து என்ன பயன்? அதற்குள் படம் பிடித்தவர்கள் ஊரெல்லாம் பரப்பியிருந்தார்கள். நோயாளியின் கதையைக் கடைச்சரக்காக்கிய டாக்டர் என்று ஒருவர் எழுதினார். மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுவோம் என்றார் இன்னொருவர். அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நீ ஒண்ணுக்கும் பதில் போடாத, வினி. வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள்தான். மத்தியானம் மூன்று மணிக்குக் கிளினிக் பக்கத்தில் அக்காவே தன் போனிலிருந்து ஓர் அறிக்கை போட்டாள், ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். நான் ஒப்புதல் கொடுத்தது வேறொரு பதிவுக்கு. எங்கள் சமூக ஊடகங்களைக் கவனித்துவந்த வினிதா என்பவர், கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்ததை வைத்துத் தானாக எழுதிப் போட்டுவிட்டார். அவரை நீக்கிவிட்டோம். சம்பந்தப்பட்ட தாயிடம் வருந்துகிறேன்.

பெயரைப் போட்டிருந்தாள். முழுப் பெயரையும்.

வினிதா வாட்ஸ்அப்பைத் திறந்தாள். கட்டைவிரல் இருக்கிறதே, அதைப் படம் எடுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைத்தாள். மேலே தள்ளித் தள்ளி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனாள். இரண்டாவது வரைவின் ஓரம் வெறுமையாக இருந்தது. கட்டைவிரல் முதல் வரைவின் கீழே உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச நேரம் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. நாம்தான் மாற்றிப் பார்த்துவிட்டோமா? பிறகு விளங்கியது. எழுதியதை அழித்தால், அழிக்கப்பட்டது என்று அங்கே ஒரு வரி நிற்கும். கட்டைவிரலை எடுத்தால் ஒரு சுவடும் நிற்காது. ஒன்றில் எடுத்து இன்னொன்றில் வைத்தால் எப்போது வைத்தது என்றும் காட்டாது. உரையாடல் முழுவதையும் கோப்பாக இறக்கிப் பார்த்தாள். அதில் கட்டைவிரல்களே வரவில்லை. எல்லாம் தெரிந்துதான் அக்கா நகர்த்தியிருக்கிறாள். கட்டைவிரலை எடுக்கலாம், மாற்றலாம் என்பதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே வினிதாதான்.

அழுகைகூட வரவில்லை அவளுக்கு. கோபத்தில் அப்போதே அவசர அவசரமாகப் பொதுவில் கத்தி வைத்திருப்பாள். அதற்குள் கொள்ளேகாலில் இருந்து அப்பா கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் குழுவில் அக்கா அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டிருக்கிறாள், முதல் வரைவும் கட்டைவிரலும் பளிச்சென்று தெரிகிற மாதிரி.

"ஏங்கண்ணு, அக்காளோட பேரக் கெடுத்துப்போட்டியாமா? மூணு வருசம் சோறு போட்ட வீடு."

"நாங் கெடுக்கலீங்கப்பா. அக்கா சொன்னதத்தான் எழுதுனேன்."

"அவ டாக்டரு. அவ எதுக்குக் கண்ணு பொய் சொல்றா?"

வினிதா போனை வைத்துவிட்டாள். அரை மணியில் மஞ்சுநாத் சாரிடமிருந்து நாசூக்காக ஒரு செய்தி வந்தது: இந்த மாதப் பதிவுகளைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாமா மேடம், பெற்றோர் கேட்கிறார்கள். டியூஷனில் காதில் விழுவதையும் எழுதிவிடுவாளோ என்ற பயம். நியாயம்தானே. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று ஒரு டாக்டரே சொன்னபின் எந்த வாத்தியார் கதவைத் திறப்பார்? இவளிடம் இருந்த ஒரே சரக்கு அந்த நம்பிக்கைதான்.

புதன்கிழமை கிளினிக் மூடுகிற வேளையில் போய் அக்காவின் அறைக்குள் நின்றாள். சுலோசனா நாற்காலியைக் காட்டினாள். வினிதா உட்காரவில்லை.

"எங்கிட்ட நெசமில்லன்னு சொன்னீங்களேங்க்கா."

"சொன்னேன். அந்தம்மா ஃபேஸ்புக்ல இருப்பான்னு நாங் கண்டேனா?"

"விரல எதுக்குங்க்கா மாத்துனீங்க?"

சுலோசனா ஸ்டெதஸ்கோப்பை மடித்து மேசைக்குள் வைத்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"இங்க பாரு, வினி. புகார் போச்சுன்னா என் ரிஜிஸ்ட்ரேஷன் போயிரும். இருபது வருசப் படிப்பு. உனக்கு என்ன போச்சு? நாளைக்கே இன்னொரு கபேக்கு எழுதிக்குவே."

"அதுக்காக எம் பேரப் போடுவீங்களா?"

"வெளியாளு பேரப் போட்டா அவன் கேஸு போடுவான் கண்ணு. நீ நம்ம புள்ள. வீட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

மூன்று வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்ட சோறெல்லாம் தொண்டைக்கு வந்தது வினிதாவுக்கு. நம்ம புள்ள! எத்தனை தரம் அந்த வார்த்தையைக் கேட்டுப் பூரித்திருக்கிறாள். சொந்தம் என்றால் அடித்தாலும் திருப்பி அடிக்காத ஆள் என்று அர்த்தம் போல இருக்கிறது.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள். முந்தின ராத்திரி முழுக்க யோசித்துத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதியது. "அந்தக் கதையைச் சொன்னது நான். அது என்னிடம் வந்த ஒரு தாயின் உண்மைக் கதை. நோட்டு எழுதச் சொன்னதும் நானே. இரண்டாவது வரைவுக்கு ஒப்புதல் கொடுத்ததும் நானே. மன்னியுங்கள். டாக்டர் சுலோசனா." இமோஜி ஒன்றுகூட இல்லை.

"இத உங்க கையால போடுங்க்கா. புகார் வந்தாலும் இது உங்களக் காப்பாத்தும். அந்த அறிக்க காப்பாத்தாது. நான் தொழிலுக்காகச் சொல்றேன், கோவத்துல சொல்லல."

சுலோசனா தாளை எடுத்து நிதானமாகப் படித்தாள். நெற்றியில் ஒரு சின்னச் சுருக்கம். படித்து முடித்து, பேனாவை எடுத்துக் கடைசி வரி மட்டும் விட்டு மற்ற நாலு வரியையும் அடித்தாள். பிறகு தலையைத் தூக்கி, வழக்கமாகத் திருத்தம் சொல்கிற அதே குரலில் கேட்டாள்.

"மன்னியுங்கள்ங்கறது மட்டும் போதும். பக்கத்துல கை கூப்பற பொம்மை ஒண்ணு போட்டா நல்லாருக்குமில்ல?"

வினிதாவுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு எரிந்துகொண்டு வருகிற சிரிப்பு.

"கை கூப்பறதுன்னா அந்தம்மா வூட்டுக்குப் போயிக் கூப்புங்க்கா."

வினிதா அங்கேயே, அக்காவின் கண் முன்னாலேயே, கிளினிக் பக்கத்தின் நிர்வாகப் பொறுப்பிலிருந்து தன் பெயரை நீக்கினாள். நினைத்திருந்தால் அதே பக்கத்திலிருந்து எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அறிக்கையில்தான் இவளை நீக்கியிருந்தார்கள், பக்கத்தின் சாவி இன்னும் இவள் கையில் இருந்தது. அடுத்தவர் பெயரில் தன் வார்த்தையைப் போடுவதில்லை என்பது அவள் தொழிலின் முதல் விதி. கோபத்துக்காக அதை மீறினால் அக்கா சொன்ன பொய் மெய்யாகிவிடும்.

வீட்டுக்கு வந்து தன் சொந்தப் பக்கத்தில், தன் பெயரில் நாலு வரி எழுதினாள். அந்த வரிகளை எழுதியவள் நான். கதையை டாக்டர்தான் சொன்னார், உண்மையல்ல என்றும் சொன்னார், அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு தாயின் பயத்தைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தது என் எழுத்து. அதற்கு நான் பொறுப்பு. நாற்பது பேர் படித்தார்கள். நம்பியவர்கள் எத்தனை பேரோ தெரியாது. சீனு மட்டும், "மேடம், நாளைக்குக் கபே பதிவு உண்டுதானே?" என்று கேட்டான். அப்போதுதான் அவள் முதல் தடவையாக அழுதாள்.

பிறகு சொர்ணலதாவுக்குச் செய்தி அனுப்பினாள், நேரில் வரலாமா என்று. ஒருநாள் கழித்து, "வாங்க" என்று ஒரு சொல்லும் வீட்டு விலாசமும் வந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் ஆட்டோவில் போய் இறங்கினாள். தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். மூன்றாவது வீட்டுக் கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயது இருக்கும், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துப் பேச்சு. புருஷன் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வரவில்லை என்றாள்.

வினிதா வாசலிலேயே நின்று கையைக் கூப்பினாள். "நாந்தானுங்க எழுதுனது. தெரியாம எழுதிட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

சொர்ணலதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. குழந்தையின் நெற்றியைப் பழக்கத்தில் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு வினிதாவின் தோளுக்கு மேலாக, தெருவை எட்டிப் பார்த்தாள். ஆட்டோ திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா வரலீங்களா?" என்றாள்.